சேலைக் கவுண்டரில் முதல் அரை நிமிடம்: புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு

ஜவுளிக்கடையில் சேலைக் கவுண்டருக்குப் புதிதாக வந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். சேலையைப் பிரித்துக் காட்டுவது, மடிப்பு கலையாமல் திரும்ப மடிப்பது எல்லாம் கொஞ்ச நாளில் கை பழகிவிடும். வருகிறவரிடம் முதலில் என்ன பேசுவது என்பதைத்தான் யாரும் விவரமாகச் சொல்லித் தருவதில்லை. "சிரிச்ச முகமா இரு" என்று சூப்பர்வைசர் சொல்வதோடு சரி.

1. ஆள் வருவதற்கு முன்

முந்தைய ஆளுக்குப் பிரித்துப் போட்ட சேலைகள் கவுண்டரில் குவிந்து கிடந்தால், பாதியையாவது ஓரமாக ஒதுக்கிவிடுங்கள். வருகிறவருக்குக் கை வைக்க ஓர் இடம் தெரிய வேண்டும். கூட்டம் இல்லாத நேரத்தில் உட்காரலாம், தப்பில்லை. தமிழ்நாட்டில் 2021-ல் கடைகள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று சட்டமாகவே ஆக்கிவிட்டார்கள். ஆனால் ஒருவர் உங்கள் கவுண்டரை நோக்கித் திரும்பியதும் எழுந்துவிடுங்கள். போன் கையில் இருந்தால் பைக்குள் போகட்டும். கவுண்டரில் கவிழ்த்து வைத்தாலும் அது அடித்தால் உங்கள் கண் அங்கேதான் போகும்.

2. "வாங்க" சொல்லிவிட்டு நிறுத்துங்கள்

ஆள் நாலைந்து அடி தூரத்தில் வரும்போது முகத்தைப் பார்த்து "வாங்க" என்று சொல்லுங்கள். வாசலில் ஏற்கெனவே கைகூப்பி வணக்கம் சொல்லி அனுப்பியிருப்பார்கள். கவுண்டரில் "வாங்க" போதும்.

புதியவர்கள் தடுமாறுவது இதற்கு அடுத்த நொடியில்தான். "வாங்க வாங்க, என்ன பாக்குறீங்க, பட்டா, காட்டனா, என்ன ரேட்ல?" என்று ஒரே மூச்சில் கேட்டுவிடுகிறார்கள். வந்தவர் இன்னும் ரேக்கைக்கூடப் பார்த்திருக்க மாட்டார். நெருக்கிக் கேட்டால் "சும்மா பாக்கத்தான் வந்தோம்" என்று சொல்லி நகர்ந்துவிடுவார். "வாங்க" சொன்னதும் வாயை மூடிக்கொண்டு, அவர் கண் எந்த ரேக்கில் போய் நிற்கிறது என்று பாருங்கள். ஒரு சேலையைத் தொட்டுப் பார்த்தாலோ, உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்த்தாலோ, அப்புறம் பேசலாம்.

காலையில் முதல் ஆள் வரும்போது இந்தப் பொறுமை இன்னும் அதிகமாக வேண்டும். போணி ஆகணுமே என்ற தவிப்பு உங்கள் குரலில் தெரிந்துவிடும். தெரிந்தால் அவருக்குச் சங்கடம்.

3. எப்படிக் கூப்பிடுவது

அக்கா, அண்ணா, சார், மேடம், அம்மா, ஐயா என்று நம்மிடம் நிறைய இருக்கிறது. மதுரைப் பக்கம் 'வாங்கண்ணே' சகஜம். கோவைப் பக்கம் ஒரு 'ங்க' சேர்த்துக்கொண்டால் முறை சொல்லாமலே மரியாதை வந்துவிடும். நீங்கள் இருக்கும் ஊரில் மூத்த விற்பனையாளர் எப்படிக் கூப்பிடுகிறார் என்று கவனித்து அப்படியே சொல்லுங்கள்.

வயது பிடிபடவில்லை என்றால் முறை எதுவும் வேண்டாம். "வாங்க, பாருங்க" என்பதிலேயே மரியாதை இருக்கிறது. நாற்பது வயதுக்காரரை "அம்மா" என்று கூப்பிட்டு அவர் முகம் மாறுவதைவிட இது மேல். ஆண்டி, பாட்டி இரண்டும் வேண்டவே வேண்டாம். காலேஜ் படிக்கும் பெண் தனியாக வந்தாலும் "சொல்லும்மா" அல்ல, "சொல்லுங்க"தான். அந்தப் பெண் கையில் இருப்பதும் காசுதான்.

இன்னொன்று, கூட வந்தவர் யார் என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். ஒருவர் மனைவியோடு வந்திருப்பார், "சார், அம்மாவுக்கா?" என்று கேட்டுவைத்தால் அன்றைக்கு அந்தக் கவுண்டரில் வியாபாரம் இல்லை. இருவர் வந்தால் இருவரையும் பார்த்து "வாங்க" சொல்லுங்கள். உறவு அவர்கள் பேச்சிலேயே தெரிந்துவிடும்.

4. முதல் கேள்வி: யாருக்கு?

"என்ன ரேட்ல பாக்கலாம்?" என்பதை முதலில் கேட்காதீர்கள். பலருக்கு அது 'உங்களால் எவ்வளவு முடியும்' என்று கேட்டதுபோல் இருக்கும். "யாருக்குப் பாக்கலாம்?" என்று கேளுங்கள். விலையும் அதிலேயே பாதி தெரிந்துவிடும்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணியும் மகளும் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

"வாங்க. உக்காருங்க."

இருவரும் உட்கார்கிறார்கள். மகளின் கண் சில்க் காட்டன் ரேக்கில் இருக்கிறது. அம்மா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உங்களைப் பார்க்கிறார்.

"யாருக்குங்க பாக்கலாம்?"

"வீடு கிரகப்பிரவேசம். வச்சுக் கொடுக்க ஆறு சேலை வேணும்."

'வச்சுக் கொடுக்க' என்ற வார்த்தையைப் பிடித்துக்கொள்ளுங்கள். தாம்பூலத்தோடு சொந்தக்காரர்களுக்குக் கொடுக்கும் சேலை அது. ஆறும் கிட்டத்தட்ட ஒரே விலையில் இருக்க வேண்டும், இல்லையென்றால் 'அவளுக்கு மட்டும் நல்லதா' என்று பேச்சு வரும். கலர் மட்டும் வேறுவேறாக இருக்கட்டும். இப்போது விலையைக் கேட்பதில் தப்பே இல்லை: "ஆறும் ஒரே ரேட்ல எடுத்துக் காட்டவா? ஐந்நூறு பக்கத்துல ஒரு பத்துப் பீஸ் போடட்டுமா?" அவர் ஏற்றியோ இறக்கியோ தானே சொல்லிவிடுவார். மகள் பார்த்துக்கொண்டிருந்த சில்க் காட்டனை இப்போது இழுக்க வேண்டாம். ஆறு சேலை முடிந்தபிறகு "நீங்க கட்டிக்க ஏதாவது பாக்குறீங்களா?" என்று அந்த ரேக்குப் பக்கம் போகலாம்.

5. ஒருவரைக் கவனிக்கும்போது இன்னொருவர் வந்தால்

தலை நிமிராமல் சேலையை விரித்துக்கொண்டிருப்பதுதான் பெரிய தப்பு. புதிதாக வந்தவர் தன்னை யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துவிட்டால் பக்கத்துக் கவுண்டருக்குப் போக மாட்டார், பக்கத்துக் கடைக்குப் போவார். கை வேலையை விடாமல் முகத்தை மட்டும் நிமிர்த்தி "வாங்க, உக்காருங்க, இவங்களுக்கு முடிச்சிட்டு வந்துர்றேன்" என்று சொல்லுங்கள். வெறும் "இருங்க" விரட்டுவதுபோல் இருக்கும். சொல்லிவிட்டு உடனே முதல் ஆளிடம் திரும்பிவிடுங்கள், அவர் முறையைப் பிடுங்கியதுபோல் ஆகக்கூடாது. நேரம் இழுத்தால் பக்கத்தில் நிற்கும் ஆளைக் கூப்பிட்டு ஒப்படைத்துவிடுங்கள். ஆடித் தள்ளுபடி நேரத்தில் இது மட்டும்தான் உதவும், மற்ற எதற்கும் நேரம் இருக்காது.

6. "சும்மா பாக்கறோம்" என்றால்

"தாராளமா பாருங்க, எடுத்துக் காட்டணும்னா கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு இரண்டு அடி தள்ளி நின்று ஏதாவது மடிக்கத் தொடங்குங்கள். பின்னாலேயே போனால் காவல் காப்பதுபோல் இருக்கும். மடித்துக்கொண்டே காதை அவர்கள் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். "இதே பார்டர்ல பச்சை இருந்தா நல்லாயிருக்கும்" என்று அவர்களுக்குள் பேசிக்கொள்வது கேட்கும். அப்போது அந்தப் பச்சையை எடுத்துவந்து கவுண்டரில் வைத்தால் போதும்.

எடுக்காமல் எழுந்தால் முகம் வாடக்கூடாது. இருபது சேலை பிரித்துப்போட்ட பிறகு இது கஷ்டம்தான். ஆனாலும் பிரித்ததை அவர்கள் கண்ணெதிரே வெடுக்கென்று இழுத்து மடிக்காதீர்கள், அது திட்டுவதற்குச் சமம். "போயிட்டு வாங்க" என்று சொல்லுங்கள், அவர்கள் நாலடி நகர்ந்ததும் மடித்துக்கொள்ளலாம்.