வெளிநாட்டுக்குப் பிறப்புச் சான்றிதழ்: சும்மா மொழிபெயர்த்தால் ஏன் போதாது?

விண்ணப்பத்தைப் பார்க்கும் அதிகாரிக்கு மூல மொழி தெரியாது. மொழிபெயர்ப்பை நம்பித்தான் அவர் முடிவெடுக்க வேண்டும். அதனால், பிழை இருந்தால் யார் பொறுப்பு என்பது தாளிலேயே இருக்க வேண்டும். அமெரிக்கக் குடிவரவு விதி இதை நேரடியாகவே கேட்கிறது: மொழிபெயர்ப்பு முழுமையானது, சரியானது, அதைச் செய்யும் திறன் தனக்கு உண்டு என்று மொழிபெயர்ப்பாளர் எழுதிச் சான்றளிக்க வேண்டும். சில நாடுகள் அரசு அங்கீகரித்த மொழிபெயர்ப்பாளரை மட்டுமே ஏற்கும். போகும் நாட்டின் விதியை முதலில் பாருங்கள்.

அவசரமாகச் செய்ததில் பெரும்பாலும் விடுபடுவது முத்திரை, ஓரக்குறிப்பு, பின்பக்கம். பெயர் திருத்தம் பெரும்பாலும் ஓரக்குறிப்பில்தான் இருக்கும். அது விடுபட்டால் சான்றிதழிலும் பாஸ்போர்ட்டிலும் பெயர் ஏன் வேறுபடுகிறது என்பதற்கு விளக்கமே இல்லை.

தேதி இன்னொரு கண்ணி. 05/07/1994 என்பதை அப்படியே விட்டால் ஜூலை 5 சிலருக்கு மே 7 ஆகிவிடும். மாதத்தை எழுத்தில் எழுதச் சொல்லுங்கள். பிறந்த தேதியும் பதிவான தேதியும் இடம் மாறவில்லையா என்றும் பாருங்கள்.

பெயரின் எழுத்துக்கூட்டலுக்குப் பாஸ்போர்ட் நகலைக் கொடுத்துவிடுங்கள். ஆனால் மூலத்தில் உள்ள பிழையை மொழிபெயர்ப்பில் திருத்தச் சொல்லாதீர்கள். அதைப் பதிவு அலுவலகத்தில்தான் திருத்த வேண்டும். ஆவணம் வெளிநாட்டில் ஏற்கப்படுவதற்காக அரசு தரும் அப்போஸ்டில் என்ற சான்று முத்திரை தேவையென்றால், அதை மூலத்தில் வாங்கிய பிறகே மொழிபெயர்க்கக் கொடுப்பது நல்லது, அந்த முத்திரையையும் மொழிபெயர்க்கச் சொல்லும் இடங்கள் உண்டு.