சின்ன ஆப்புக்கு நிறம் தேர்வது எப்படி: 60, 30, 10 கணக்கு

வீட்டுப் பால் கணக்கு எழுத ஒரு சின்ன ஆப் செய்தேன். ஒரே திரைதான். மேலே தலைப்புப் பட்டை, நடுவில் மாதக் காலண்டர், அதன் கீழ் "இந்த மாதம் 23 பாக்கெட்" என்று சொல்லும் அட்டை, அப்புறம் "இன்று வந்தது" என்ற பொத்தான், கடைசியில் மூன்று ஐகான்கள். முதல் பதிப்பை அம்மாவிடம் கொடுத்ததும், "எங்கேடா அமுக்கணும்?" என்றார். பொத்தான் பளிச்சென்று ஆரஞ்சில்தான் இருந்தது. ஆனால் தலைப்புப் பட்டை, தேதிகள், மொத்தத் தொகை, ஐகான்கள் எல்லாமே அதே ஆரஞ்சு. எல்லாம் பளிச்சென்று இருந்தால் எதுவும் பளிச்சென்று இருக்காது.

இதைச் சரிசெய்ய நான் பிடித்துக்கொண்டது வீட்டு அலங்காரக்காரர்களின் பழைய கணக்கு. அறையில் சுமார் 60 பங்கு சுவர் நிறம், 30 பங்கு திரைச்சீலை, சோபா போன்றவற்றின் நிறம், மீதி 10 பங்கு தலையணை உறை, விளக்கு மாதிரி கண்ணை இழுக்கும் நிறம். ஆப்பில் இவற்றை அடிப்படை நிறம், துணை நிறம், எடுப்பு நிறம் என்று வைத்துக்கொள்வோம்.

படி 1: நிறமே இல்லாமல் பரப்பைக் கணக்கிடுங்கள்

நிறச் சக்கரத்தைத் திறக்கும் முன் திரையை வெறும் சாம்பல் பெட்டிகளாக வரையுங்கள். எந்தப் பெட்டி எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பாருங்கள். என் திரையின் அளவு 360 × 800. தலைப்புப் பட்டையின் உயரம் 64, கீழ்ப்பட்டையின் உயரம் 80. இரண்டும் முழு அகலம் என்பதால் முறையே 8%, 10% இடம் எடுக்கின்றன. இரு பக்கமும் 16 விட்டு வைத்த 328 × 120 அட்டை கிட்டத்தட்ட 14%. மூன்றையும் கூட்டினால் 32%. ஆக, துணை நிறத்துக்கான இடம் தானாகவே அமைந்துவிட்டது.

பொத்தான் 328 × 56. அது சுமார் 6.4%. காலண்டரில் இன்றைய தேதியைச் சுற்றிய வட்டம் அரை சதவீதம்கூட வராது. இரண்டும் சேர்ந்தே 7%தான். 10 என்பது எட்ட வேண்டிய இலக்கு இல்லை, தாண்டக் கூடாத எல்லை. மீதி 3% சும்மா கிடக்கிறதே என்று ஐகானுக்கு ஆரஞ்சு பூசப் போனால் பழைய கதைதான்.

படி 2: அடிப்படை நிறம்

இதில் அதிகம் யோசிக்க வேண்டாம். வெள்ளைக்கு மிக அருகில், லேசான மஞ்சள் சாயலோடு `#FAF7F2` எடுத்தேன். இவ்வளவு பெரிய பரப்பில் அடர்த்தியான நிறம் இருந்தால் அதன் மேல் வரும் எல்லாவற்றோடும் அது சண்டை போடும்.

படி 3: துணை நிறம்

இது அடிப்படை நிறத்திலிருந்து தெளிவாகப் பிரிந்து தெரிய வேண்டும், ஆனால் கூவி அழைக்கக் கூடாது. பச்சை கலந்த அடர்நீலம் `#1F4E5F` எனக்குப் பொருந்தியது. தலைப்புப் பட்டை, அட்டை, கீழ்ப்பட்டை மூன்றும் இதே நிறம். எழுத்துக்கு இதே குடும்பத்தில் இன்னும் இருண்ட `#12303B`. எழுத்து நிறத்தைப் பங்குக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை.

படி 4: எடுப்பு நிறம்

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். நிறச் சக்கரத்தில் என் அடர்நீலம் ஏறக்குறைய 196 டிகிரியில் இருக்கிறது. அதற்கு நேர் எதிரே போனால் 16 டிகிரி, அதாவது செங்கல் சிவப்பு. அதைப் பொத்தானில் போட்டுப் பார்த்தேன், "நீக்கு" பொத்தான் போலத் தெரிந்தது. பால் வந்ததைக் குறிக்கும் பொத்தான் பயமுறுத்தக் கூடாதல்லவா? அதனால் 30 டிகிரிக்கு நகர்த்தி `#F28C28` என்ற ஆரஞ்சில் நின்றேன். சக்கரம் திசையைக் காட்டும், அவ்வளவுதான். எங்கே நிற்பது என்பதை அந்தப் பொத்தான் செய்யும் வேலை சொல்ல வேண்டும்.

எங்கே பூசுவது? ஒரு திரையில் பயனர் செய்ய வேண்டிய முக்கியமான ஒரே வேலைக்கு மட்டும். என் ஆப்பில் பொத்தானும் இன்றைய தேதி வட்டமும் ஒரே விஷயத்தைப் பேசுகின்றன, அதனால் இரண்டுக்கும் ஒரே நிறம்.

படி 5: எழுத்து படிக்க முடிகிறதா?

டபிள்யூசிஏஜி என்னும் அணுகல் நெறிமுறைப்படி, சாதாரண அளவு எழுத்துக்கும் அதன் பின்னணிக்கும் இடையே வேறுபாட்டு விகிதம் குறைந்தது 4.5 இருக்க வேண்டும். பெரிய எழுத்துக்கு 3 போதும். இரண்டு நிறக் குறியீடுகளைக் கொடுத்தால் விகிதம் சொல்லும் இலவசக் கருவிகள் நிறைய இருக்கின்றன.

ஆரஞ்சுப் பொத்தானில் வெள்ளை எழுத்து அழகாகத்தான் இருந்தது. விகிதம் பார்த்தால் 2.45. வெயிலில் மொட்டை மாடியில் நின்று பார்த்தேன், எழுத்தே காணோம். அதே பொத்தானில் `#12303B` எழுத்தை வைத்ததும் 5.7 ஆனது. இன்னொரு பொறி: வெளிர் பின்னணியில் ஆரஞ்சு எழுத்து 2.3தான் தரும். எனவே இந்த ஆரஞ்சை நிரப்பும் நிறமாக மட்டும் பயன்படுத்துங்கள், மொத்தத் தொகையை அதில் எழுதாதீர்கள். அட்டையின் அடர்நீலத்தில் வெளிர் எழுத்து 8.5 வருவதால் அங்கே கவலையில்லை.

படி 6: பிழை நிறத்தைத் தனியே வையுங்கள்

பிழைச் செய்திக்கு `#B3261E` சிவப்பு. இது மூன்று பங்கிலும் சேராது, தேவைப்படும்போது மட்டும் வந்து போகும். பால் வராத நாள்களுக்கும் முதலில் சிவப்புப் புள்ளி வைத்திருந்தேன். அது தப்பு. சிவப்பு, பச்சை பிரித்தறிய முடியாதவர்களுக்கு அந்தப் புள்ளியின் நிறம் எதையும் சொல்லாது. எழுத்து நிறத்திலேயே ஒரு பெருக்கல் குறி போட்டேன்.

படி 7: மங்கலாக்கிப் பாருங்கள்

ஆப்பின் திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, எழுத்து படிக்க முடியாத அளவுக்கு மங்கலாக்குங்கள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தாலும் சரி. முதலில் கண்ணில் படுவது பொத்தானாக இருக்க வேண்டும். இரண்டு மூன்று இடங்கள் போட்டியிட்டால், நிறத்தை மாற்றாமல் எடுப்பு நிறத்தை வேண்டாத இடங்களிலிருந்து எடுத்துவிடுங்கள்.

படி 8: வேலையை வைத்துப் பெயரிடுங்கள்

குறியீட்டில் "orange" என்று பெயர் வைத்தால், நாளை நிறத்தை மாற்றும்போது பெயர் பொய்யாகிவிடும்.

```css
:root {
  --base: #FAF7F2;
  --support: #1F4E5F;
  --accent: #F28C28;
  --text: #12303B;
  --on-support: #FAF7F2;
  --on-accent: #12303B;
}
@media (prefers-color-scheme: dark) {
  :root {
    --base: #12303B;
    --text: #FAF7F2;
  }
}
```

இருண்ட பயன்முறைக்கு மாறியது இரண்டே நிறங்கள். பொத்தானின் எழுத்துக்குத் தனிப் பெயர் கொடுத்ததால் அது இருட்டாகவே நிற்கிறது, வெளிர் நிறத்துக்குத் தாவவில்லை. பங்குகளும் அப்படியே இருக்கின்றன. வெளிர் திரையில் எழுத்தாகத் தோற்ற அந்த ஆரஞ்சு, இருண்ட அடிப்படையின் மேல் 5.7 விகிதம் தருகிறது. இரவில் மட்டும் அதில் எழுதலாம்தான். ஆனால் பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என்றால் அம்மா மறுபடியும் கேட்பார் என்று விட்டுவிட்டேன்.