முழங்கை வலி போன கதை: ராக்கெட்டை மாற்றிய அனுபவம்

பேட்மின்டன் ஆரம்பித்து மூன்றே வாரத்தில் வலது முழங்கையின் வெளிப்பக்கம் வலிக்க ஆரம்பித்தது. பேக்ஹேண்ட் அடித்தால் சுரீர் என்றது. கூட ஆடும் அண்ணன் ஒருவர் என் ராக்கெட்டை வாங்கி, அதன் தண்டை ஒரு விரல் மேல் கிடத்தினார். சாயாமல் நின்ற இடத்தைக் கைப்பிடியின் அடியிலிருந்து டேப்பால் அளந்தால் 30 செ.மீ. "ராக்கெட்டுக்குத் தலைப்பக்கம் கனம் தம்பி. ஸ்மாஷுக்கு நல்லது, உனக்கு இப்ப வேண்டாம்" என்றார். ராக்கெட்டின் வலை நரம்பு வேறு 28 பவுண்டு இழுவிசையில் இருந்தது. அவ்வளவு இறுக்கினால் பந்து நடுவில் சரியாகப் பட்டால்தான் பறக்கும்; கொஞ்சம் தள்ளிப் பட்டாலும் அதிர்வு முழுக்கக் கைக்கு வரும். தொடங்குபவருக்குப் பந்து நடுவில் படுவதே அபூர்வம்.

இரண்டு வாரம் ஓய்வெடுத்துவிட்டு 4U ராக்கெட் வாங்கினேன். 80 முதல் 84 கிராம் எடை, சமநிலைப் புள்ளி 29 செ.மீ. நரம்பை 22 பவுண்டில் கட்டச் சொன்னேன். முதல் நாளே பந்து பின்கோடு வரை போனது. வலியும் மெல்ல மெல்ல விட்டது.

பந்துக்கு நீலப் பட்டை போட்ட நடுத்தர வேக நைலான் போதும். இறகுப் பந்து தப்பான அடிகளில் சீக்கிரம் உடைந்துவிடும்.

அப்புறம் ஷூ. ஓடுவதற்கான ஷூவில் குதிகால் உயரம். பக்கவாட்டில் பாயும்போது கணுக்கால் மடங்கும். தட்டையான கம் ரப்பர் அடி உள்ளதையே வாங்குங்கள்.