மின்சாரம் திரும்பும்போது அணைந்த ரவுட்டர்

ரவுட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் சேர்த்து ஒரு மினி யூபிஎஸ் வாங்கினேன். கரண்ட் போனதும் படம் நிற்காமல் ஓடியது. ஆனால் கரண்ட் வந்த மறுநொடி ரவுட்டர் மறுபடி தொடக்கத்திலிருந்து கிளம்பியது. படம் சில நிமிடங்கள் நின்றது. இப்படியே நாலு நாள் போயிற்று.

பேட்டரி பழுதென்று யூபிஎஸ்ஸை மாற்றி வாங்கினேன், பயனில்லை. இணைப்பு வயரை மாற்றியும் அதே கதை. பிறகுதான் ஒன்று உறைத்தது: இரண்டு நிமிட வெட்டில் எதுவும் ஆகவில்லை, அரை மணி நேர வெட்டுக்குப் பின்தான் விழுந்தது.

யூபிஎஸ்ஸுக்கு நான் கொடுத்திருந்தது ரவுட்டரோடு வந்த 12 வோல்ட், 1 ஆம்பியர் அடாப்டர். அது இரண்டு பெட்டிகளுக்கே சரியாக இருந்தது. காலியான பேட்டரியும் சார்ஜ் இழுத்ததும் வோல்ட்டேஜ் சரிந்திருக்கிறது.

யூபிஎஸ் லேபிளில் உள்ளீடு 12 வோல்ட் என்பதையும், பின்னின் நடுமுனை பாசிட்டிவ் என்பதையும் பார்த்துவிட்டு 12 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர் மாட்டினேன். வோல்ட்டேஜ் மாறக் கூடாது, ஆம்பியர் கூடலாம். அரை மணி நேரம் சுவிட்சை அணைத்துப் போட்டுச் சோதித்தேன். படம் நிற்கவில்லை, அப்பாடா!