பாண்டு ஃபண்டை எஃப்டி போல நினைத்தால்: வட்டி ஏறும்போது நேரும் தவறுகள்

வங்கி வட்டிகளுக்கு அடிப்படையான ஓபிஆர் வட்டியைப் பேங்க் நெகாரா உயர்த்திய செய்தி வந்தால், சுங்கை சிப்புட், பகாவ் போன்ற தோட்டப்புற ஊர்களில் எஃப்டி வைத்திருப்பவர்களுக்கு அது நல்ல செய்தி. அடுத்த முறை புதுப்பிக்கும்போது கொஞ்சம் கூடுதல் வட்டி கிடைக்கும். பாண்டு ஃபண்டில் பணம் போட்டவரும் தனக்கு அப்படித்தான் என்று நினைத்துக்கொள்கிறார். மூன்று மாதம் கழித்து அறிக்கை வருகிறது, போட்ட முதலே குறைந்திருக்கிறது. "வட்டி ஏறினதுக்கு என் பணம் எப்படி இறங்கும்?" என்று கேட்கிறார். இந்தக் கேள்வியைப் பணம் போடும் முன்பே கேட்டிருக்க வேண்டும்.

பாண்டு என்பது கடன் பத்திரம். பலரிடம் பணம் சேர்த்து அப்படிப் பல பத்திரங்களை வாங்கி வைப்பது பாண்டு ஃபண்டு. அரசாங்கமோ நிறுவனமோ உங்களிடம் 1,000 ரிங்கிட் வாங்கிக்கொண்டு, ஆண்டுக்கு 35 ரிங்கிட் வட்டியும், பத்தாம் ஆண்டு முடிவில் முதலும் தருவதாக எழுதிக் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த 35 ரிங்கிட் கடைசி வரை மாறாது. இப்போது சந்தை வட்டி 4.5 விழுக்காடு ஆகிவிட்டது. புதிதாக வரும் பத்திரம் அதே 1,000 ரிங்கிட்டுக்கு ஆண்டுக்கு 45 தருகிறது. உங்கள் பழைய பத்திரத்தை யார் 1,000 கொடுத்து வாங்குவார்? பத்து ஆண்டுக்கும் குறையும் பத்துப் பத்து ரிங்கிட்டை விலையில் கழித்துக்கொண்டுதான் வாங்குவார். பல ஆண்டு கழித்து வரும் பத்து ரிங்கிட்டுக்கு இன்றைய மதிப்பு குறைவு என்பதால் கழிவு முழு 100 ஆகாது. கணக்குப் போட்டால் அந்த விலை சுமார் 921 ரிங்கிட். மாறாக, வட்டி 2.5 ஆக இறங்கியிருந்தால் அதே பத்திரத்துக்குச் சுமார் 1,087 கிடைக்கும்.

இதே பத்திரம் முடிய இரண்டு ஆண்டுதான் பாக்கி என்றால், வட்டி 4.5 ஆனாலும் விலை சுமார் 981 வரைதான் இறங்கும். குறைந்த வட்டியைச் சகிக்க வேண்டியது இரண்டே முறை என்பதால் கழிவும் சிறியது. மீதி ஆண்டுகள் கூடக் கூட ஆட்டமும் கூடும்.

இந்த ஆட்டத்தை ஒரே எண்ணில் சொல்வதுதான் டியூரேஷன். சந்தை வட்டி ஒரு விழுக்காடு ஏறினால், டியூரேஷன் எத்தனை ஆண்டோ ஏறக்குறைய அத்தனை விழுக்காடு விலை இறங்கும். டியூரேஷன் 5 என்றால் சுமார் ஐந்து விழுக்காடு. ஃபண்டுகள் மாதந்தோறும் வெளியிடும் ஃபேக்ட் ஷீட்டில் இந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஏஜெண்டிடம் நேராகக் கேளுங்கள். அவரால் சொல்ல முடியாவிட்டால், சொல்லும்வரை கையெழுத்துப் போட வேண்டாம்.

தவறுகளில் மிகப் பெரியது, இரண்டு ஆண்டில் தேவைப்படும் பணத்தை ஐந்தாண்டு டியூரேஷன் உள்ள ஃபண்டில் போடுவது. தோட்டத்தில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் இபிஎஃப் பணத்தில் 30,000 ரிங்கிட்டை அப்படிப் போடுகிறார் என்று கொள்வோம். இரண்டு ஆண்டில் மகளின் திருமணம். ஃபண்டின் வருமானம் ஆண்டுக்கு 3.5 விழுக்காடு, கட்டணங்களைக் கணக்கில் சேர்க்கவில்லை. எல்லாம் அமைதியாகப் போனால் இரண்டாம் ஆண்டு முடிவில் சுமார் 32,137 ரிங்கிட் இருக்கும். ஆனால் பணம் எடுக்கப் போகும் வாரத்தில் சந்தை வட்டி ஒரு விழுக்காடு ஏறிவிட்டால், ஐந்து விழுக்காடு கழிந்து கையில் வருவது சுமார் 30,530. இரண்டு ஆண்டு வட்டியில் முக்கால்வாசி போய்விட்டது. திருமண மண்டபத்துக்கு நாள் குறித்த பிறகு, விலை ஏறட்டும் என்று காத்திருக்கவும் வழியில்லை.

அதே ஏற்றம் முதல் நாளிலேயே நடந்திருந்தால் கதை வேறு. 30,000 உடனே 28,500 ஆகும். பார்க்கவே வயிறு கலங்கும். ஆனால் அன்றிலிருந்து ஃபண்டு 4.5 விழுக்காடு ஈட்டுகிறது. முடியும் பத்திரங்களின் பணமும் வரும் வட்டியும் புதிய, கூடுதல் வட்டிப் பத்திரங்களுக்குப் போகின்றன. இரண்டாம் ஆண்டு முடிவில் சுமார் 31,122 ஆகிவிடும். வட்டி ஏறாமலே இருந்திருந்தால் கிடைத்திருக்கும் தொகையை எட்ட ஐந்து ஆண்டுக்குச் சற்று மேல் ஆகும். டியூரேஷன் 5 என்பதன் நடைமுறைப் பொருள் இதுதான். அவ்வளவு காலம் பணத்தைத் தொடாமல் இருக்க முடிந்த ஒருவரை வட்டி ஏற்றம் பெரிதாகப் பாதிக்காது. முடியாதவர் குறுகிய கால ஃபண்டையோ எஃப்டியையோ பார்க்க வேண்டும்.

இரண்டாவது தவறு அதன் மறுபக்கம். 28,500 என்று பார்த்ததும் பயந்து விற்றுவிட்டு எஃப்டிக்கு ஓடுவது. இறக்கத்தை முழுதாக வாங்கிக்கொண்டு, அதை ஈடுகட்ட வந்த 4.5 விழுக்காட்டை விட்டுவிட்டுப் போவது இது. பணத்துக்கு அவசரம் இல்லையென்றால், விற்கும் முன் இன்றைக்கு ஃபண்டு ஈட்டும் விகிதத்தை எஃப்டி வட்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். போட்டபோது இருந்த விலை அந்த ஒப்பீட்டில் வர வேண்டியதில்லை.

"முடிவு வரை வைத்திருந்தால் நட்டமே இல்லை" என்று சிலர் ஆறுதல் சொல்வார்கள். தனி பாண்டுக்கு அது சரி: கடன் வாங்கியவர் நொடித்துப் போகாத வரை, விலை 921 ஆனாலும் முடிவில் 1,000 வரும். நம்மில் பெரும்பாலோர் வாங்குவதோ யூனிட் டிரஸ்ட் வழியாக. வழக்கமான பாண்டு ஃபண்டுக்கு முடிவுத் தேதி கிடையாது. ஒரு பத்திரம் முடிந்தால் மேலாளர் இன்னொன்றை வாங்குவார். ஆகவே குறிப்பிட்ட நாளில் முதல் திரும்பும் என்ற உறுதி அதில் இல்லை. வங்கி எஃப்டிக்கு, ஓர் உறுப்பு வங்கியில் ஒருவருக்கு 250,000 ரிங்கிட் வரை, அரசின் வைப்புத்தொகைக் காப்பு நிறுவனமான பிஐடிஎம்மின் பாதுகாப்பு உண்டு. யூனிட் டிரஸ்டுக்கு, அதை வங்கிக் கிளையிலேயே வாங்கியிருந்தாலும், அது கிடையாது. பல குடும்பங்கள் அமானா சஹாம் மலேசியாவில் ஒரு யூனிட் எப்போதும் ஒரு ரிங்கிட் என்று பார்த்துப் பழகியவை. அதுவும் யூனிட் டிரஸ்ட்தானே என்று பாண்டு ஃபண்டையும் அதே கண்ணால் பார்ப்பது இயல்பு. ஆனால் பாண்டு ஃபண்டின் விலை நாள்தோறும் மாறும்.

கடைசியாக, சென்ற ஆண்டு லாபத்தைப் பார்த்து வாங்குவது. 2020-இல் பேங்க் நெகாரா ஓபிஆரை நான்கு முறை குறைத்து 3.00-இலிருந்து 1.75 விழுக்காட்டுக்குக் கொண்டுவந்தது. வட்டி இறங்கும் காலத்தில் ஃபண்டின் லாபத்தில் விலை ஏற்றமும் கலந்திருக்கும். அது ஆண்டுதோறும் வரும் வட்டி அல்ல. அதை நம்பி நுழைந்தவர், 2022 மே மாதம் தொடங்கிப் படிப்படியாக ஓபிஆர் ஏறி 2023 மே மாதம் 3.00-ஐத் தொட்ட காலத்தில் எதிர்ப்பக்கத்தைப் பார்த்தார். அதற்காக ஓபிஆர் அறிவிப்பு நாளைப் பார்த்துப் பாண்டு வாங்கி விற்பதும் பலிக்காது. ஓபிஆர் ஓர் இரவுக்கான வட்டி. பத்தாண்டுப் பத்திரத்தின் விலை, அறிவிப்பு வரும் என்ற எதிர்பார்ப்பிலேயே பல மாதம் முன்பு நகர்ந்துவிடும்.

ஃபேக்ட் ஷீட்டைக் கையில் எடுத்தால் சென்ற ஆண்டு லாபத்தை ஒரு விரலால் மறைத்துக்கொண்டு மூன்றைப் படியுங்கள்: டியூரேஷன், இன்றைய ஈட்டு விகிதம், கட்டணங்கள். ஈட்டு விகிதத்திலிருந்து ஆண்டுக் கட்டணத்தைக் கழித்தபின் எஃப்டியை விட அரை விழுக்காடுதான் மிச்சம், டியூரேஷனோ 6 என்றால், 30,000 ரிங்கிட்டில் ஆண்டுக்கு 150 ரிங்கிட் கூடுதலுக்காக, வட்டி ஒரு விழுக்காடு ஏறும் நாளில் சுமார் 1,800 ரிங்கிட் இறக்கத்தைத் தாங்க ஒப்புக்கொள்கிறீர்கள். வட்டி இறங்கினால் அதே அளவு ஏற்றமும் வரலாம்தான். ஆனால் திருமணத்துக்கும் மருத்துவத்துக்கும் ஒதுக்கிய பணம் அந்த ஏற்றத்துக்காகக் காத்திருக்கும் பணம் அல்ல.