இரவுப் பயணத்தில் லைவ் லொகேஷன்: புள்ளி நின்றால் நேரத்தைப் பாருங்கள்

வாட்ஸ்அப்பில் லைவ் லொகேஷனை ஒரு தடவைக்கு அதிகபட்சம் 8 மணி நேரம்தான் பகிர முடியும். இரவு 9 மணிக்கு பஸ் ஏறியதும் பகிர்ந்தால் காலை 5 மணிக்கு அது தானாக நின்றுவிடும். 7 மணிக்குத்தான் இறங்கப் போகிறீர்கள் என்றால், கடைசி இரண்டு மணி நேரம் வீட்டாருக்கு ஒன்றும் தெரியாது. இடையில் கண் விழிக்கும்போது மறுபடி பகிர்ந்துவிடுங்கள். கூகுள் மேப்ஸில் நாமே நிறுத்தும்வரை பகிரலாம். நம் போனில் எத்தனை சதவீதம் சார்ஜ் இருக்கிறது என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

புள்ளி நகரவில்லை என்றதும் வீட்டில் பதறுவார்கள். கடைசியாக எப்போது அப்டேட் ஆனது என்பதை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். இப்போதுதான் ஆகியிருந்தால் வண்டி எங்கோ நிற்கிறது, அவ்வளவுதான். நாற்பது நிமிடம் பழையதென்றால் சிக்னல் போயிருக்கலாம், சார்ஜ் தீர்ந்திருக்கலாம். பேட்டரி சேவர் கூட லொகேஷனை முடக்கியிருக்கலாம். சார்ஜை மிச்சப்படுத்த நாம் போடும் அதே பேட்டரி சேவர்தான்! அதனால் அதை அணைத்து, பவர் பேங்கில் செருகி வைப்பதே மேல்.

புள்ளி சாலையை விட்டு வயலுக்குள் தெரிந்தாலும் பயப்பட வேண்டாம். ஜி.பி.எஸ். சரியாகக் கிடைக்காதபோது போன் செல் டவரை வைத்து இடத்தைக் கணிக்கும். அப்போது ஒரு கிலோமீட்டருக்கு மேல்கூடத் தள்ளிக் காட்டலாம்.

பஸ் நம்பரையும் இறங்கும் நேரத்தையும் தனியாக மெசேஜில் அனுப்பிவிடுங்கள். போன் அணைந்தாலும் அது அவர்களிடம் இருக்கும்.