ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப பஞ்சர்: காரணத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

சைக்கிள் டியூபில் பேட்ச் ஒட்டியாகிவிட்டது, காற்றும் நின்றது. மறுநாள் காலையில் பார்த்தால் டயர் தரையோடு தரையாகக் கிடக்கிறது. புது டியூப் போட்டும் இதே கதை என்றால் டியூபைக் குறை சொல்லிப் பயனில்லை. அதைக் குத்துவது எதுவோ அது இன்னும் சக்கரத்துக்குள்ளேயே இருக்கிறது.

டர்பன் பக்கம், குறிப்பாக சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ் மாதிரி இடங்களில் புல் ஓரமாகவோ காலி மனை வழியாகவோ சைக்கிள் விட்டால் நான் முதலில் சந்தேகப்படுவது நெருஞ்சி முள்ளைத்தான். இங்கே அதை டுபெல்கி என்பார்கள். அதன் காய் காய்ந்ததும் ஐந்து துண்டாகப் பிரியும். ஒவ்வொரு துண்டிலும் கடினமான முட்கள் இருக்கும். துண்டைப் பிடுங்கி எறிந்தாலும் முள்ளின் நுனி முறிந்து ரப்பருக்குள்ளேயே தங்கிவிடும்.

கழற்றுவதற்கு முன்

டயரின் பக்கவாட்டில், வால்வுக்கு நேராக, பேனாவால் ஒரு கோடு போடுங்கள். செயின் இருக்கும் பக்கத்தில் போடுவது நல்லது. டியூபை எடுத்ததும் அதிலும் செயின் பக்கம் எது என்று குறித்துவிடுங்கள். இதைச் செய்யாவிட்டால் பிறகு தேட வேண்டிய இடம் ஒன்று இரண்டாகிவிடும், ஏனென்றால் டியூபைத் திருப்பிப் போட்டால் ஓட்டை வால்வுக்கு மறுபக்கம் போய்விடும்.

ஓட்டை எந்தப் பக்கம்?

டியூபில் காற்றடித்துத் தண்ணீரில் அமுக்குங்கள். குமிழி வரும் இடம் டியூபின் எந்தப் பக்கம் என்று பாருங்கள். பாதி பதில் அதிலேயே இருக்கிறது.

ரோட்டைப் பார்த்த பக்கம் என்றால் முள், கண்ணாடித் துண்டு, கம்பித் துணுக்கு. ரிம்மைப் பார்த்த பக்கம் என்றால் ஸ்போக் துளைகளை மூடும் ரிம் டேப். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சின்னக் கீறல்கள் இருந்தால், காற்று குறைவாக இருக்கும்போது குழியிலோ நடைபாதை விளிம்பிலோ மோதி, டயருக்கும் ரிம்முக்கும் நடுவே டியூப் நசுங்கியிருக்கிறது.

முள்ளைத் தேடுவது

என் தம்பி மகனின் சைக்கிளில் பழைய பேட்சை ஒட்டியே புது ஓட்டை விழுந்துகொண்டிருந்தது. வால்வுக்கு வலப்புறம் ஒரு சாண் தூரம், ரோட்டுப் பக்கம். டியூபை டயர் மேல் வால்வுக் கோட்டோடு பொருத்தி வைத்து, அந்த இடத்தை மட்டும் பார்த்தோம். வெளியில் ஒன்றும் தெரியவில்லை. உள்ளே விரலால் தடவினால் கீறிவிடும் என்பதால் கொஞ்சம் பஞ்சை எடுத்துத் தடவினேன். ஓர் இடத்தில் பஞ்சு இழை சிக்கியது. டயரை அந்த இடத்தில் வெளிப்புறமாக மடக்கியதும் கடுகை விடச் சின்னதாக ஒரு பழுப்பு நுனி எட்டிப் பார்த்தது. ஆள் ஏறி உட்காரும்போது டயர் நசுங்கினால்தான் அது டியூபைத் தொடும். வெறும் சக்கரத்தில் தட்டுப்படாததற்கு அதுதான் காரணம்.

ஊசியால் உள்ளிருந்து வெளியே தள்ளி, வெளிப்புறம் குறடால் பிடித்து இழுத்தேன். எடுத்த பிறகு பஞ்சை இன்னொரு முறை, இரண்டு திசையிலும் தடவுங்கள். ஒரே காயில் இருந்து இரண்டு முள் ஏறியிருப்பது சகஜம்.

ரிம் டேப்

ஓட்டை ரிம் பக்கம் என்றால் ஸ்போக் துளைகளைப் பாருங்கள். டேப் ஒருபக்கம் நகர்ந்து துளையின் விளிம்பு வெளியே தெரியும், அல்லது காற்றழுத்தத்தில் டேப்பே துளைக்குள் குழிந்திருக்கும். ஸ்போக் முனை, அதை ரிம்மில் இறுக்கும் நிப்பிளுக்கு மேல் நீட்டியிருந்தால் அரத்தால் மட்டமாக்குங்கள். புது டேப் எல்லாத் துளைகளையும் மூட வேண்டும், ஆனால் டயர் விளிம்பு உட்காரும் இடத்தில் ஏறக் கூடாது. சாதாரண மின்சார இன்சுலேஷன் டேப் அவசரத்துக்குச் சரி. வெயிலில் பசை இளகி நகரும், அதனால் அதை நம்பி நாள் கணக்கில் ஓட்ட வேண்டாம்.

திரும்ப மாட்டும்போது

டியூபின் ஓட்டையைச் சுற்றி சாண்ட் பேப்பரால் தேய்த்து, சொல்யூஷனை மெல்லிசாகப் பூசுங்கள். பளபளப்பு போய் மங்கும் வரை, சில நிமிடங்கள், காத்திருந்து பேட்சை அழுத்துங்கள். ஈரத்திலேயே ஒட்டினால் ஓரம் பிரியும்.

டியூபில் வடிவம் நிற்கும் அளவுக்கு மட்டும் காற்றடித்து உள்ளே வையுங்கள். டயரின் கடைசிப் பகுதியைக் கையால் ஏற்றப் பாருங்கள். லீவரால் நெம்பும்போதுதான் டியூப் அடிக்கடி மாட்டிக் கிழிகிறது. ஏறியதும் வால்வை உள்ளே ஒருமுறை தள்ளி விட்டு, டயரை இரண்டு பக்கமும் விரலால் விலக்கிக்கொண்டே சக்கரம் முழுவதும் சுற்றி வாருங்கள். எங்காவது கறுப்பு டியூப் எட்டிப் பார்த்தால் அதை உள்ளே தள்ளாமல் காற்றடிக்க வேண்டாம்.

அப்புறம் பாதி காற்று அடித்து, டயர் ஓரத்தில் உள்ள கோடு ரிம்மிலிருந்து ஒரே உயரத்தில் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓர் இடத்தில் அமுங்கியோ புடைத்தோ இருந்தால் காற்றை இறக்கி அங்கே சரிசெய்யுங்கள். சரியாக இருந்தால், டயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் அழுத்தத்துக்குள் முழுசாக நிரப்புங்கள்.